சீஸ் வடித்த நீரில் ரிக்கோட்டா: 70 கிராம் 210 கிராம் ஆனது எப்படி

பாலைத் திரட்டும் நொதியான ரென்னெட் சேர்த்துச் சீஸ் செய்தபின் மிஞ்சிய 4 லிட்டர் நீரிலிருந்து முதல் முறை எனக்குக் கிடைத்தது ரிக்கோட்டா என்னும் மென்மையான சீஸ் வெறும் 70 கிராம்தான். பாலின் பெரும்பகுதிப் புரதமான கேசீன் ஏற்கெனவே சீஸாகத் திரண்டுவிடுவதால், அந்த நீரில் எஞ்சும் புரதம் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆகவே குறைந்த விளைச்சல் இயல்பே. ஆயினும் துணியில் வடிந்த நீர் பால்போல் வெளுத்திருந்ததைக் கண்டதும், இருந்த புரதமும் முழுமையாகத் திரளவில்லை என்பது புரிந்தது. நான் 75 டிகிரியிலேயே வினிகரை ஊற்றி, போதாக்குறைக்குக் கிளறிக்கொண்டும் இருந்தேன்.

அடுத்த முறை, வடித்த சில மணி நேரத்துக்குள், புளிப்பு ஏறுமுன், அதே அளவு நீரில் 400 மில்லி முழுக்கொழுப்புப் பால் சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறியவாறே 90 டிகிரி வரை சூடாக்கினேன். அடுப்பை அணைத்த பிறகு, வெண்துகள்கள் திரண்டு பிரியும் வரை மட்டும் வினிகரைச் சிறிது சிறிதாக விட்டு, 15 நிமிடம் தொடாமல் வைத்து, நெருக்கமான நெசவுள்ள துணியில் மெல்ல அள்ளி வடித்தேன். கீழே இறங்கிய நீர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்திருந்தது. துணியில் 210 கிராம் தேறியது. அதில் பெரும்பங்கு கூடுதல் பாலின் உபயம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எலுமிச்சை விட்டுத் திரித்த பன்னீரின் நீரில் இது பலிக்காது. கொதித்த பாலில், சீஸ் நீரில் எஞ்சும் அந்தப் புரதமும் பன்னீரோடு சேர்ந்தே போய்விடுகிறது.