மதுரையில் பாதுகாப்புள்ள அலுவலகத்துக்கு நேரில் போகும் முன்: வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கு

கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்து, ஓசிஐ அட்டையோடு மதுரைக்குக் குடிவந்திருக்கும் கவிதா என்ற பெண்ணை எண்ணிக்கொள்வோம். இங்கே ஒரு மென்பொருள் நிறுவனம் அவருக்கு வேலை கொடுத்திருக்கிறது. சான்றிதழ்களைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நேரில் வரச் சொல்லி மின்னஞ்சல் வருகிறது. இடம் என்ற இடத்தில் ‘எல்காட் ஐடி பார்க், மதுரை’ என்று மட்டும் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. தமிழக அரசு நிறுவனமான எல்காட்டுக்கு மதுரையில் வளாகங்கள் இரண்டு. ஒன்று மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய பக்கம், இலந்தைகுளத்தில். மற்றொன்று தேனி சாலையில், காமராசர் பல்கலைக்கழகத்தைத் தாண்டி வடபழஞ்சியில். ஊரின் கிழக்கு ஒரு கோடி, மேற்கு ஒரு கோடி. ஆட்டோக்காரரிடம் ‘ஐடி பார்க்’ என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பழக்கமான வளாகத்துக்குத்தான் வண்டி போகும். ஆகவே பதில் எழுதும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இலந்தைகுளமா, வடபழஞ்சியா, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி?

தேதியை எண்களால் மட்டும் எழுத வேண்டாம். 5/6 என்றால் இங்கே ஜூன் ஐந்து; அமெரிக்காவில் பழகியவருக்கு மே ஆறு. ‘ஜூன் 5, வெள்ளிக்கிழமை, காலை 10.30’ என்று மாதத்தின் பெயரையும் கிழமையையும் சேர்த்து எழுதினால் பிழைக்கு இடமில்லை.

அடுத்தது பெயர். வெளிநாட்டுத் தமிழர்கள் வாசலில் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். கவிதா தன்னை ‘எம். கவிதா’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறார். அழைத்தவர் வருகைப் பட்டியலில் Kavitha M என்று பதிந்திருக்கிறார். பாஸ்போர்ட்டில் இருப்பதோ KAVITHA A/P MUTHUSAMY. A/P என்றால் மலாய் மொழியில் மகள் என்று பொருள்; மதுரைக் காவலருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முத்துசாமி அப்பாவா, கணவரா, குடும்பப் பெயரா என்றும் தெரியாது. சிங்கப்பூர்க்காரர்களுக்கு S/O, D/O என்று இதே தலைவலி. கணினியில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்புவார்கள். காவலரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. பட்டியலில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவருடைய வேலை. இனிஷியல் என்றால் அவருக்குப் பழக்கம், சாய்கோடு பழக்கமில்லை. பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பி, அப்படியே பதியச் சொல்லுங்கள்.

எந்த அடையாள அட்டை என்பதையும் அந்தக் கடிதத்திலேயே தீர்த்துவிட வேண்டும். மலேசிய அடையாள அட்டையோ கனடிய ஓட்டுநர் உரிமமோ இங்குள்ள வாசல்களில் பொதுவாகச் செல்லாது. அசல் பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ அட்டை, இரண்டும் கையில் இருக்கட்டும். வேறு விசாவில் வந்தவர்கள் விசாப் பக்கத்தின் நகலையும் வைத்துக்கொள்ளலாம்.

பல அலுவலகங்களில் இப்போது வருகைப் பதிவு கைப்பேசி வழியாக நடக்கிறது. எண்ணுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் சீட்டு அச்சாகும். பத்து இலக்க இந்திய எண்ணை மட்டுமே ஏற்கும்படி அமைத்திருந்தால் மலேசிய எண்ணை உள்ளிடவே முடியாது. இந்திய சிம் இன்னும் வாங்காதவர்கள் இதை முன்கூட்டியே சொல்லி, ரிசப்ஷனில் நேரடியாகப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் வரிசை நிற்கும்போது கேட்கிற கேள்வி அல்ல இது.

கவிதா எழுதக்கூடிய பதில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் மேடம். ஜூன் 5, வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்கு நேரில் வருகிறேன். என் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் KAVITHA A/P MUTHUSAMY. வருகைப் பட்டியலிலும் இப்படியே பதியக் கேட்டுக்கொள்கிறேன். மலேசிய பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை இரண்டையும் அசலாகக் கொண்டுவருவேன். இந்திய கைப்பேசி எண் இன்னும் இல்லை. ஒரு லேப்டாப் கொண்டுவர அனுமதி உண்டா? அலுவலகம் எந்த எல்காட் வளாகத்தில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதையும், ரிசப்ஷனின் நேரடி எண்ணையும், வாசலிலிருந்து அழைக்க இன்டர்காம் எண்ணையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.”

ரிசப்ஷன் எண்ணை ஏன் இப்படி வற்புறுத்திக் கேட்க வேண்டும்? பல நிறுவனங்கள் இருக்கும் வளாகத்தில் வாசல் இரண்டு. வெளிவாசலில் இருப்பவர்கள் வளாகத்தின் காவலர்கள். உங்களை அழைத்த நிறுவனத்தின் மின்னஞ்சல் அவர்களுக்கு வந்திருக்காது. கைப்பேசியில் கடிதத்தைக் காட்டினாலும் உள்ளே கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள். உங்களை அழைத்தவர் அந்நேரம் கூட்டத்தில் இருப்பார், போனை எடுக்கமாட்டார். ரிசப்ஷனில் எப்போதும் ஒருவர் இருப்பார். “அண்ணே, இரண்டாவது மாடி ரிசப்ஷனுக்கு இந்த எண்ணில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்” என்றால் காரியம் நடக்கும். மதுரை தரைவழி எண்ணுக்கு முன்னொட்டு 0452. வெளிநாட்டு சிம்மிலிருந்து அழைத்தால் பூஜ்யத்தை விட்டுவிட்டு +91 452 என்று தொடங்க வேண்டும். முதல் நாள் மாலையே ஒருமுறை அந்த எண்ணை அழைத்து, பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா என்று கேட்டுவிடுவது நல்லது. ‘வாங்க, பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், பெயர் இன்னும் ஏறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சில வாசல்களில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு தருவார்கள். பாஸ்போர்ட்டை அப்படிக் கொடுக்க வேண்டாம். காட்டலாம், விவரங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லலாம், நகல் தரலாம். நகலின் குறுக்கே அன்றைய தேதியையும் ‘அலுவலக வருகைக்காக மட்டும்’ என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஏதாவது ஒன்றை வைத்தே ஆக வேண்டும் என்றால், வாசலில் செல்லாது என்று சொன்ன அந்த வெளிநாட்டு ஓட்டுநர் உரிமம் இதற்குப் பயன்படும். அதற்கும் ஒப்பவில்லையென்றால் ரிசப்ஷனிலிருந்து ஒருவரை வாசலுக்கு வரச் சொல்லலாம்.

லேப்டாப் கொண்டுபோனால் உள்ளே நுழையும்போதே அதன் நிறுவனப் பெயரையும் வரிசை எண்ணையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். வரிசை எண் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வீட்டிலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டால் வாசலில் குனிந்து தேட வேண்டாம். சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இந்தப் பதிவு வெறும் சம்பிரதாயம் அல்ல. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதிக்கப்பட்ட தொழிலுக்காக அந்த மண்டலம் இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருதப்படுகிறது. அங்கிருந்து ஒரு பொருள் வெளியே வருவதைக் கணக்கில்லாமல் விடமாட்டார்கள். நுழையும்போது பதியாத லேப்டாப், திரும்பும்போது நிறுவனத்தின் லேப்டாப்பாகத்தான் தெரியும். பென்டிரைவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கைப்பேசிக் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் வெளியே வரும்வரை பிரிக்க வேண்டாம்.

வேலை முடிந்ததும், நீங்கள் சந்தித்தவரிடம் வருகைச் சீட்டில் கையெழுத்தும் புறப்படும் நேரமும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கீழே வந்தால் வாசலில் திருப்பி மேலே அனுப்புவார்கள். மதிய உணவு வேளையாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டியவரைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும்.