கையெழுத்து உண்டு, கட்டுப்பாடு இல்லை: நோக்கக் கடிதம் எழுதும் முறை

எடுத்துக்காட்டுக்கு ஒரு பேச்சுவார்த்தையை வைத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று. புறநகரில் இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்று. பம்பின் வெளிக்கூடுகளை மாதம் 20 டன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு வாங்குவது பற்றி இருவரும் பேசி வருகிறார்கள். விலை முடிவாகவில்லை, மாதிரி வார்ப்புகளும் இன்னும் சோதனையில் தேறவில்லை. ஆனால் பவுண்டரி உரிமையாளர் புதிய உலைக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போயிருக்கிறார். "இவ்வளவு சரக்கை யார் வாங்கப்போகிறார்கள், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று வங்கி மேலாளர் கேட்கிறார். பம்ப் நிறுவனத்துக்கோ இந்தப் பவுண்டரி கைநழுவிவிடக் கூடாது. அதற்காக இன்றே மூன்று ஆண்டுக்குச் சிக்கிக்கொள்ளவும் மனமில்லை.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நோக்கக் கடிதம். தொழில் வட்டாரத்தில் எல்.ஓ.ஐ. என்பார்கள். எங்கள் எண்ணம் இது, உண்மையாகவே பேசுகிறோம், ஆனால் ஒப்பந்தம் இனிமேல்தான் என்று எழுத்தில் சொல்வது. மேலே சொன்ன இருவருக்கும் அந்தக் கடிதத்தை எழுதிப் பார்ப்போம்.

முதல் படி: முடிந்தது எது, முடியாதது எது

கடிதத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் பேசி முடித்தவை: பொருள், மாத அளவு, காலம். வலப்பக்கம் முடிக்காதவை: டன் விலை, பழைய இரும்பின் விலை ஏறினால் யார் தாங்குவது, தரச்சோதனையில் தள்ளுபடியாகும் வார்ப்புக்குக் கணக்கு என்ன, தாமதத்துக்கு அபராதம் உண்டா.

வலப்பக்கத்தைக் கடிதத்தில் மறைக்காமல் எழுதுவதுதான் இங்கே தந்திரம். புதியவர்கள் கடிதம் கம்பீரமாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடுகிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டதுபோல் தோன்றும் கடிதத்தைத்தான் நீதிமன்றம் ஒப்பந்தமாகப் படிக்க வாய்ப்பு அதிகம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 29-ஆம் பிரிவில், அர்த்தம் நிச்சயமில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது. விலையும் அதைக் கணக்கிடும் வழியும் இன்னும் பேசப்பட வேண்டியவை என்று வெளிப்படையாகச் சொல்லும் கடிதம், தான் ஒப்பந்தமல்ல என்பதற்குத் தானே சாட்சியாகிறது.

இரண்டாம் படி: வினைச்சொல்லைக் கவனியுங்கள்

தலைப்பில் 'ஒப்பந்தம்', 'உடன்படிக்கை' என்ற சொற்கள் வேண்டாம். 'நோக்கக் கடிதம்' என்று மட்டும் போடுங்கள். ஆனால் தலைப்பு மட்டும் யாரையும் காப்பாற்றாது. 'நோக்கக் கடிதம்' என்று பெயரிட்டுவிட்டு உள்ளே 'வாங்கும்', 'வழங்கும்', 'செலுத்த வேண்டும்' என்று அடுக்கிவைத்த கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் ஒன்று, பேச்சு வேறு.

தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் சுமையெல்லாம் வினைச்சொல்லின் மேல்தான். 'பம்ப் நிறுவனம் மாதம் 20 டன் வாங்கும்' என்பது வாக்குறுதி. 'வாங்க உத்தேசித்துள்ளது' என்பது எண்ணம். 'பவுண்டரி ஒப்புக்கொள்கிறது' என்பதைத் தூக்கிவிட்டு 'பரிசீலித்து வருகிறது' என்று வையுங்கள். நம் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"எங்கள் பம்புகளுக்கான வார்ப்பிரும்பு வெளிக்கூடுகளை, மாதம் சுமார் 20 டன் வீதம், மூன்று ஆண்டுகளுக்குத் தங்களிடமிருந்து வாங்க உத்தேசித்துள்ளோம். விலை, மூலப்பொருள் விலையேற்றத்தைப் பகிரும் முறை, தர ஏற்பு நிபந்தனைகள், தாமதத்துக்கான பொறுப்பு ஆகியவை இன்னும் பேசி முடிவு செய்யப்பட வேண்டியவை. மாதிரி வார்ப்புகள் எங்கள் சோதனையில் தேறுவதும், எங்கள் இயக்குநர் குழு ஒப்புதல் தருவதும், இரு தரப்பும் முழுமையான வழங்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் இதற்கு முன்தேவைகள்."

வங்கி மேலாளருக்கு வேண்டியதும் இதில் இருக்கிறது. அளவு, காலம், பேசும் நிறுவனம் எது என்று தெரிந்துவிடுகிறது. எண்களைத் தெளிவாகச் சொல்வதால் கடிதத்துக்குக் கனம் கூடும். 'உத்தேசம்' என்ற சொல் அந்தக் கனத்தைக் கட்டுப்பாடாக மாறவிடாது.

மூன்றாம் படி: கட்டுப்படுத்தாத பத்தியும் அதன் விதிவிலக்கும்

அடுத்துத் தெளிவாக ஒரு பத்தி: "இக்கடிதம் இரு தரப்பின் தற்போதைய எண்ணத்தை மட்டுமே தெரிவிக்கிறது. இதனால் எத்தரப்புக்கும் சட்டப்படியான உரிமையோ கடமையோ உண்டாகாது. முழுமையான ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாகும் வரை எத்தரப்பும் காரணம் கூறாமலே பேச்சுவார்த்தையிலிருந்து விலகலாம்."

இந்தியாவில் இத்தகைய கடிதத்தை நீதிமன்றங்கள் பொதுவாக இப்படித்தான் பார்க்கின்றன. 2021-இல் சவுத் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான். நோக்கக் கடிதம் பெற்ற ஒப்பந்தக்காரர் சுரங்கத்துக்கு இயந்திரங்களைக் கொண்டுவந்து வேலையைத் தொடங்கினார், வேலை நின்றுபோனது. வேறொருவரிடம் வேலையைக் கொடுத்ததால் ஏற்பட்ட கூடுதல் செலவைக் கேட்டது நிலக்கரி நிறுவனம். ஒப்பந்தம் முடிவாகவே இல்லை; ஆகவே ஏலத்துக்காகக் கட்டிய வைப்புத்தொகையைப் பறிமுதல் செய்யலாமே தவிர, கூடுதல் செலவைக் கேட்க முடியாது என்று தீர்ப்பானது. ஆனாலும் இது கல்லில் வெட்டிய விதியல்ல. கட்டுப்படும் எண்ணம் சொற்களில் தெளிவாகத் தெரிந்தால், அதே வகைக் கடிதம் ஒப்பந்தமாகவும் கொள்ளப்படலாம்.

இப்போது ஒரு சிக்கல். பவுண்டரிக்குப் பம்பின் வரைபடங்களைக் கொடுத்தாக வேண்டும். அவை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனால் என்ன செய்வது? 'இக்கடிதம் எவரையும் கட்டுப்படுத்தாது' என்று எழுதிவிட்டு, அதே பக்கத்தில் 'வரைபடங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும்' என்றும் எழுதினால் பின்னதும் பல்லிழந்துவிடும். ஆகவே விதிவிலக்கைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும்: "ரகசியம் காத்தல் குறித்த 6-ஆம் பத்தியும், பேச்சுவார்த்தைச் செலவுகளை அவரவரே ஏற்பது குறித்த 7-ஆம் பத்தியும் மட்டும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்."

என் விருப்பம் இதைவிட எளிது. ரகசியத்துக்குத் தனியாக ஓர் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நோக்கக் கடிதத்தை வெறும் லெட்டர்ஹெட்டில் வையுங்கள். கட்டுப்படுவதும் கட்டுப்படாததும் ஒரே தாளில் குடித்தனம் நடத்தினால், பின்னாளில் எது எது என்ற வழக்கு வரும். முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டிய ஆவணத்துக்கு அதைச் செலுத்தாமல் விட்டால், கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டும் வரை அதைச் சாட்சியாக ஏற்க மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்காம் படி: நம்பிக்கையில் செய்யும் செலவு

நம் கதையில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பவுண்டரி உரிமையாளர் கடன் வாங்கி உலையைப் பொருத்திவிட்டார்; பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. "உங்கள் கடிதத்தை நம்பித்தானே செய்தேன்" என்று அவர் கேட்டால்? அந்தக் கேள்விக்குப் பதிலை முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிட வேண்டும்: "ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எத்தரப்பும் செய்யும் முதலீடு, செலவு, வாங்கும் கடன் ஆகியவை அத்தரப்பின் சொந்தப் பொறுப்பு. இக்கடிதத்தை எந்தக் கடனுக்கும் உத்தரவாதமாகக் கொள்ளக் கூடாது."

பவுண்டரிக்காரருக்கு இது கசக்கும். கசந்தாலும் அவர் படித்துவிட்டுக் கடனுக்குப் போவது அவருக்கே நல்லது. 'உலைக்கான முன்பணத்தில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டும்' என்று அவர் கேட்டால், அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் அது நோக்கக் கடிதத்துக்குள் அடங்காது, தனி ஒப்பந்தமாகவே எழுத வேண்டியது.

ஐந்தாம் படி: நாளும் கையெழுத்தும்

முடிவு நாள் இல்லாத நோக்கக் கடிதம் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஆட்கள் மாறிய பிறகு யாரோ எடுத்துக் காட்டும் பொருளாகிவிடும். 'இக்கடிதத் தேதியிலிருந்து 60 நாளில் ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் இது தானாகவே காலாவதியாகும்' என்று ஒரு வரி போதும். எதிர்த்தரப்பு 'பெற்றுக்கொண்டோம்' என்று கையெழுத்திடட்டும். 'ஏற்றுக்கொண்டோம்' என்ற சொல்லைத் தவிருங்கள்.

ஆறாம் படி: கையெழுத்துக்குப் பிந்தைய நடத்தை

பலரும் கடிதத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கடிதம் அழகாக இருந்தும் நடத்தை கெடுத்த கதைதான் பிரிட்டனின் பிரிட்டிஷ் ஸ்டீல் வழக்கு. அதுவும் வார்ப்பு தொடர்பானதே. 1979-இல் சவூதியின் தம்மாமில் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு எஃகு வார்ப்பு இணைப்புகள் தேவைப்பட்டன. கிளீவ்லாண்ட் பிரிட்ஜ் நிறுவனம் பிரிட்டிஷ் ஸ்டீலுக்கு நோக்கக் கடிதம் அனுப்பி, ஒப்பந்தம் பின்னால் வரும், வேலையை உடனே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டது. விலையிலும் தாமதத்துக்கான பொறுப்பிலும் பேச்சு முடியவே இல்லை. ஆனாலும் 137 வார்ப்புகள் வந்து சேர்ந்தன. பிறகு ஒரு தரப்பு சுமார் 2.29 லட்சம் பவுண்டு விலையைக் கேட்டது. மறுதரப்பு தாமதத்துக்காகச் சுமார் 8.67 லட்சம் பவுண்டு இழப்பீடு கேட்டது.

ஒப்பந்தமே இல்லை என்றார் நீதிபதி. ஆகவே தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் கேட்டு வாங்கிய வேலைக்கு நியாயமான தொகையைக் கொடுத்தாக வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் 70-ஆம் பிரிவு இதே திசையில் செல்கிறது: இலவசமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும். வாங்கியவருக்கு இரட்டை நட்டம்: பணத்தையும் கொடுக்க வேண்டும், தாமதத்துக்கும் யாரையும் கேட்க முடியாது.

எனவே நம் பம்ப் நிறுவனத்துக்கு இடையில் அவசரமாக 5 டன் தேவைப்பட்டால், 'அந்தக் கடிதத்தின்படி அனுப்பி வையுங்கள்' என்று தொலைபேசியில் சொல்லக் கூடாது. அந்த 5 டன்னுக்கு மட்டும் விலை, நாள், தாமத நிபந்தனை எல்லாம் எழுதி, பம்ப் நிறுவனம் தனியாக ஒரு கொள்முதல் ஆணை அனுப்பட்டும். அதில், 'நோக்கக் கடிதத்தோடு தொடர்பில்லாத தனி ஆணை' என்று ஒரு வரியும் இருக்கட்டும். மின்னஞ்சலில் 'நம் மூன்று ஆண்டு ஒப்பந்தப்படி' என்று பேச்சுவாக்கில் எழுதும் கொள்முதல் அலுவலரையும் தடுத்து நிறுத்துங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடி எடுப்பது அந்த மின்னஞ்சலைத்தான்.

60 நாள் முடிந்தும் பேச்சு தொடர்ந்தால், காலாவதியான கடிதத்தை மௌனமாகத் தொடர விடாதீர்கள். இரு தரப்பும் கையெழுத்திட்டு, புதிய தேதி மட்டும் கொண்ட இரண்டு வரி நீட்டிப்புக் கடிதம் போதுமானது.