சப்ஜெக்ட் வரியை மட்டும் திருத்துவது எப்படி: மாங்கூழ் ஆலை மெயில் ஒன்றை வைத்து

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் அலுவலகத்தில் எனக்கு வேலை. மே மாதம் பிறந்தால் வாசலில் பழ லாரிகள் நிற்கும், உள்ளே மெயில் குவியும். வெளிநாட்டு வியாபாரிகளுக்குப் போகும் மெயிலை மேலாளர் எழுதுவார், முதலாளி பார்த்துச் சரி சொல்வார், அதன்பிறகு என் கைக்கு வரும். உள்ளே இருப்பதைத் தொடக்கூடாது. விலை, நிபந்தனை எல்லாம் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்டவை. சப்ஜெக்ட் வரி ஒன்றுதான் என் பொறுப்பு.

ஒரே வரிதானே என்று தோன்றும். ஆனால் அதைத்தான் அவசரத்தில், கடைசியாக, பழைய மெயிலிலிருந்து வெட்டி ஒட்டி எழுதுகிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதே மெயிலை வைத்து இங்கேயும் சொல்கிறேன். வந்த சப்ஜெக்ட் இது:

```
REG: QUATATION OF ALPHANSO MANGO PULP 80 DRUMS  KRISHNAGRI VALID 05/06 URGENT
```

உள்ளே இருந்தது இது:

```
Dear Sir,
Please find our quotation for Totapuri mango pulp, aseptic,
80 drums x 215 kg, one 20 ft container.
Valid until 5 June. Kindly revert.
```

பார்த்ததும் அந்தப் பெண் `QUATATION`-ஐத் திருத்தக் கையைக் கொண்டு போனாள். "இருமா, அது கடைசி வேலை" என்றேன். ஏன் கடைசி என்பது போகப் போகத் தெரியும்.

1. வரியை வெளியே எடுங்கள்

ஜிமெயில் டிராஃப்ட் தானாகவே சேமித்துக்கொள்ளும். சப்ஜெக்டைத் திருத்தும்போது கர்சர் நழுவிக் கீழே ஒரு எண் அழிந்தாலும் அதையும் சத்தமில்லாமல் சேமித்துவிடும். 215 கிலோ 25 கிலோ ஆனால் யாருக்குத் தெரியும்? அதனால் சப்ஜெக்டை மட்டும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிக்கொள்ளுங்கள். திருத்தம் முழுக்க அங்கேதான். முடிந்ததும் ஒரே ஒருமுறை திரும்ப ஒட்டினால் போதும். பெறுநர் முகவரியையும் எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். தவறிப்போய் சென்ட் பொத்தானில் விரல் பட்டாலும் மெயில் போகாது.

2. உள்ளே இருப்பதைப் படித்துத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள்

திருத்துவதற்காகப் படிக்க வேண்டாம், தெரிந்துகொள்ளப் படியுங்கள். என்ன பொருள், எவ்வளவு, எந்தத் தேதி வரை, எதிராளியிடம் என்ன கேட்கிறோம். இந்த மெயிலுக்கு என் சீட்டில் இருந்தது: தோத்தாபுரி கூழ், 80 டிரம், ஜூன் 5 வரை, பதில் வேண்டும்.

இந்த இடத்தில்தான் கை துறுதுறுக்கும். `Kindly revert` என்பதைப் பார்த்தால் எனக்கும் அரிக்கத்தான் செய்கிறது. 'பதில் போடுங்கள்' என்ற பொருளில் நம் ஊர் அலுவலகங்களில் ஓடும் வழக்கு அது, வெளிநாட்டுக்காரர் சிலருக்குப் புரியாது. ஆனாலும் அது என் வரி இல்லை. உள்ளே ஏதாவது தப்பாகப் பட்டால் எழுதியவருக்கு ஒரு குறிப்பு அனுப்புவேன்: 'மூன்றாவது வரியில் இன்ன சொல், பார்த்துச் சொல்லுங்கள் சார்.' மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார்.

3. சீட்டையும் சப்ஜெக்டையும் ஒப்பிடுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சீட்டில் தோத்தாபுரி. சப்ஜெக்டில் அல்போன்சா. எழுத்துப்பிழையை மட்டும் தேடியிருந்தால் `ALPHANSO`-வை அழகாக `ALPHONSO` என்று திருத்தி அனுப்பியிருப்போம். எழுத்து சுத்தம், சரக்கு தப்பு.

நம் பக்கத்தில் பெங்களூரா என்று சொல்லும் பழம்தான் தோத்தாபுரி. விலையில் அல்போன்சா அதைவிட மேலே. இனிப்பின் அளவும் வேறு: தோத்தாபுரிக் கூழுக்கு வழக்கமாகக் குறைந்தது 14 பிரிக்ஸ் கேட்பார்கள், அல்போன்சாவுக்கு 16. சப்ஜெக்டில் அல்போன்சா என்று பார்த்த வியாபாரி, உள்ளே இருக்கும் தோத்தாபுரி விலையைக் கண்டு, அல்போன்சா இவ்வளவு மலிவா என்று துள்ளிக் குதிப்பார். அந்தப் பஞ்சாயத்தை ஒருமுறை பட்டிருக்கிறேன். தப்பான சப்ஜெக்டை அனுப்பியது நான்தான், ஒப்பிடாமல் விட்டதால் வந்த வினை.

இதில் எது சரி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சப்ஜெக்ட் தப்பாக இருக்கலாம், உள்ளே இருப்பதும் தப்பாக இருக்கலாம். மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "தோத்தாபுரிதான்மா, போன வருஷத்து மெயிலைத் திறந்து அடிச்சேன், அது அப்படியே நின்னுருச்சு" என்றார். அதன்பிறகுதான் பெயரை மாற்றினோம்.

4. வேண்டாததை வெட்டி, வேண்டியதை முன்னால் கொண்டுவாருங்கள்

`REG:` போகட்டும். 'குறித்து' என்பதற்கு நாம் போடும் சுருக்கம் அது. வெளியே பலருக்கு அது ரெஜிஸ்ட்ரேஷனா வேறு ஏதாவதா என்று விளங்காது. பதில் மெயிலில் தானாக வரும் `Re:` வேறு, அதை நாமாக அடிக்கக் கூடாது. புது மெயிலின் தலையில் `Re:` இருந்தால், ஏற்கெனவே ஏதோ பேச்சு நடந்ததுபோல் காட்டும்.

`URGENT` என்று உள்ளே எங்கேயும் இல்லை. அவசரம் என்ன என்பதைத் தேதியே சொல்லிவிடும். அந்தத் தேதிதான் அடுத்த சிக்கல். `05/06` என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்காவில் இருப்பவருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதினால் சந்தேகமே வராது. கிருஷ்ணகிரி என்ற ஊர்ப்பெயரும் இங்கே வேண்டாம், அனுப்புநர் பெயரைப் பார்த்தாலே யார் என்று அவருக்குத் தெரியும். பிழை இருந்த ஒரு சொல் திருத்தாமலே ஒழிந்தது பாருங்கள். எழுத்துப்பிழையைக் கடைசிக்குத் தள்ளியதற்கு இது ஒரு காரணம்.

போனில் பெரும்பாலும் முதல் 30, 40 எழுத்துகள்தான் தெரியும், மீதி புள்ளி வைத்து மறைந்துவிடும். அதனால் என்ன மெயில், என்ன பொருள் என்ற இரண்டும் முதலிலேயே வந்துவிட வேண்டும்.

அதற்காக உள்ளே இல்லாத எதையும் சேர்க்காதீர்கள். 'பெஸ்ட் பிரைஸ்' போடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். போட்டால் அது திருத்தம் ஆகாது, முதலாளி சொல்லாத வாக்கு ஆகிவிடும்.

5. பெரிய எழுத்தை இறக்குங்கள்

வரி முழுவதையும் சின்ன எழுத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் பெரிதாக்குங்கள். வேர்டில் ஒட்டி, வரியைத் தேர்ந்தெடுத்து `Shift+F3` அழுத்தினால் எழுத்து மாறிக்கொண்டே வரும். நான் பின்பற்றுவது எளிது: வரியின் முதல் சொல், பெயர்ச்சொல், மாதம், சுருக்கெழுத்து ஆகியவற்றுக்குப் பெரிய எழுத்து, மற்றதெல்லாம் சிறிது. `Totapuri` ரகத்தின் பெயர் என்பதால் பெரிய `T`. `mango pulp` சாதாரணச் சொல். கிலோவைக் குறிக்க `kg`தான் சரி, `KG`, `Kgs` இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்து போடும் அலுவலகங்களும் உண்டு. உங்கள் இடத்தில் அதுதான் வழக்கம் என்றால் அதையே வரி முழுக்கச் செய்யுங்கள், பாதியில் மாறக் கூடாது.

6. இப்போது எழுத்துப்பிழை

முன்னாலேயே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேர்டு, அவுட்லுக் போன்றவற்றில் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும் சொல்லைப் பிழைதிருத்தி கண்டுகொள்ளாது, அப்படித்தான் ஆரம்ப அமைப்பே இருக்கும். `QUATATION` கோடில்லாமல் தப்பித்துவிடும். `Quatation` என்று இறக்கினதும் சிவப்புக் கோடு விழும். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: ஒற்றை வரிப் பெட்டியை அது சாதாரணமாகச் சோதிப்பதில்லை. சப்ஜெக்டில் கோடு இல்லை என்பதால் பிழை இல்லை என்று நம்பிவிடாதீர்கள்.

கோடு விழாத பிழைதான் ஆபத்து. `Manager` என்பது `Manger` ஆனால் அதுவும் அகராதியில் இருக்கும் சொல், மாட்டுத் தீவனத் தொட்டி. `form`, `from` இரண்டுக்கும் கோடு விழாது. இதற்குக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படியுங்கள். பொருள் ஓடாததால் கண் எழுத்தைப் பார்க்கும். ஊர்ப்பெயர், ரகத்தின் பெயர் இவற்றில் சரியாக இருந்தாலும் கோடு விழும். அவற்றை லெட்டர்ஹெட்டை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். இரண்டு ஸ்பேஸ் விழுந்த இடத்தையும் அப்போதே சரிசெய்யுங்கள். எங்கள் வரி இப்படி முடிந்தது:

```
Quotation: Totapuri mango pulp, 80 drums, valid until 5 June
```

மொத்தம் 60 எழுத்து. போனில் 35-இல் வெட்டினாலும் என்ன பொருளுக்கு விலை என்பது தெரிந்துவிடும். இதைப் பழைய இடத்தில் ஒட்டி, துண்டுச்சீட்டோடு இன்னொருமுறை பார்த்து, அதன்பிறகு பெறுநர் முகவரியைப் போட்டோம்.

சப்ஜெக்ட் தமிழில் இருந்தால் ஐந்தாவது படி கிடையாது, ஆறாவது படிக்கு இரட்டை வேலை. 'மாங்கூழ் விலைப்பட்டியல்' என்பதைப் போன் கீபோர்டு 'விளைப்பட்டியல்' என்று எடுத்துக் கொடுக்கும். விலை, விளை இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். ல, ள, ழ வரும் இடங்களில் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதுதான் வழி.

அனுப்பிய கையோடு பிழை கண்ணில் பட்டால் ஜிமெயிலில் திரும்பப் பெற 5 விநாடி இருக்கிறது. அமைப்பில் போய் அதை 30 ஆக்கிக்கொள்ளலாம், நான் ஆக்கி வைத்திருக்கிறேன். அதையும் தாண்டி, எதிராளி பதிலும் போட்டுவிட்டால் எழுத்துப்பிழையை அப்படியே விட்டுவிடுங்கள். பதிலில் சப்ஜெக்டை மாற்றினால் ஜிமெயில் அதைப் புது உரையாடலாகப் பிரித்துவிடும், பழைய விலைப்பேச்சு ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று ஆகும். எங்கள் பெட்டியில் `Re: Quatation` என்று ஒரு பழைய உரையாடல் இருக்கிறது. அந்த வியாபாரி இன்றைக்கும் அதில்தான் பதில் போடுகிறார். நானும் அதிலேயே பதில் போடுகிறேன்.