மாதக்கணக்கில் வராத பில் தொகை: நினைவூட்டல் மெயிலின் சொற்களைப் படிப்படியாக இறுக்குவது எப்படி?

பில் தொகை வராதபோது பலரும் "பேமெண்ட் இன்னும் வரவில்லை, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்ற ஒரே மெயிலை மாதாமாதம் அனுப்புகிறார்கள். மூன்றாவது முறை அதைப் படிப்பவருக்கு ஒன்று புரிந்துவிடும்: பதில் போடாவிட்டாலும் அடுத்த மாதம் இதே வரிதான் வரும். அதனால் ஒவ்வொரு மெயிலும் முந்தையதைவிட ஒரு படி ஏற வேண்டும். மரியாதை கடைசிவரை அப்படியே இருக்கட்டும். நாம் கேட்கும் விஷயம்தான் படிக்குப் படி துல்லியமாக வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். பில் எண் 214, தொகை 80,000, கெடு மார்ச் 31.

முதல் மெயில், ஏப்ரல் 5

இந்தக் கட்டத்தில் மறதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுதான் உண்மையாகவும் இருக்கும்; பில் யாரோ ஒருவரின் இன்பாக்ஸில் தேங்கியிருக்கும்.

"வணக்கம். மார்ச் 31 அன்று செலுத்த வேண்டிய பில் 214-க்கான 80,000 இன்னும் எங்கள் கணக்கில் வரவில்லை. பில்லை மீண்டும் இணைத்திருக்கிறேன். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தேதியை மட்டும் தெரிவியுங்கள்."

"தொந்தரவுக்கு மன்னிக்கவும்", "முடிந்தால்" இரண்டும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டுத் தொடங்கினால், கடன்பட்டவர் நாம்தான் என்பதுபோல் ஆகிவிடும். "முடிந்தால்" என்பதோ முடியாது என்று சொல்ல நாமே திறந்துவிடும் வழி.

இரண்டாவது, ஏப்ரல் 25

இப்போது கேள்வியாகக் கேளுங்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது கடினம்.

"பில் 214 கெடு தாண்டி 25 நாள் ஆகிறது. எந்தத் தேதியில் செலுத்துவீர்கள்? பில்லிலோ வேலையிலோ ஏதாவது ஆட்சேபம் இருந்தால் ஏப்ரல் 30-க்குள் எழுதித் தெரிவியுங்கள்."

ஆட்சேபம் பற்றிய அந்த வரியை விட்டுவிடாதீர்கள். உண்மையிலேயே குறை இருந்தால் இப்போதே வெளியே வரும். அப்படி வந்தால் மெயிலின் சூட்டை ஏற்றுவதை நிறுத்திவிட்டு, தகராறு இல்லாத பகுதியை மட்டும் முதலில் செலுத்தச் சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால், மாதங்கள் கழித்து "வேலை சரியில்லை" என்று அவர்கள் கிளப்பும்போது, கேட்டபோது சொல்லவில்லையே என்று காட்ட இந்த மெயில் இருக்கும்.

"அடுத்த வாரம் போட்டுவிடுகிறோம்" என்று போனில் சொன்னால், அன்றே ஒரு வரி அனுப்புங்கள்: "இன்று பேசியபடி மே 8-க்குள் 80,000 முழுவதும் செலுத்துவதாகக் கூறினீர்கள். குறித்துக்கொண்டேன்." அதற்கு "சரி" என்று எழுத்தில் பதில் வந்தால், தொகையை அவர்களே ஒப்புக்கொண்டதற்கு அது நல்ல சான்று.

மூன்றாவது, மே 25

இதுவரை "தொகை வரவில்லை" என்று எழுதினோம். இப்போது வாக்கியத்தின் எழுவாயை மாற்றுங்கள்: "நீங்கள் செலுத்தவில்லை."

"மே 8-க்குள் செலுத்துவதாகச் சொன்னீர்கள், செலுத்தவில்லை. ஜூன் 5-க்குள் 80,000 வராவிட்டால், புதிய வேலை எதையும் ஏற்கமாட்டோம்."

விளைவு ஒன்று போதும். அது நம் கையில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். தாமத வட்டி கேட்பதானால், ஒப்பந்தத்தில் அந்த விதி இருக்கிறதா, அல்லது உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆதாரமில்லாத வட்டியைச் சேர்த்தால் பேச்சு அசலை விட்டு வட்டிக்குத் தாவிவிடும். இந்த மெயிலை அக்கவுண்ட்ஸ் பிரிவோடு, பணம் கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் உள்ளவருக்கும் அனுப்புங்கள். இரண்டு பேரைத் தாண்ட வேண்டாம். சம்பந்தமில்லாதவர்களைச் சேர்த்தால் அவமானப்படுத்துகிறோம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கடைசி மெயில், ஜூன் 30

மெயிலின் தலைப்பு: "இறுதி அறிவிப்பு: பில் 214, நிலுவை 80,000". இந்தச் சொல்லைத் தொடர் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தலாம். இரண்டாவது "இறுதி" வந்த கணமே முதலாவது பொய்யாகிவிடும்.

"பில் 214 கெடு தாண்டி 91 நாள் ஆகிறது. ஏப்ரல் 5, ஏப்ரல் 25, மே 25 ஆகிய நாட்களில் நினைவூட்டினோம். ஜூலை 10-க்குள் முழுத் தொகையும் வராவிட்டால், ஜூலை 11 அன்று இதை வக்கீலிடம் ஒப்படைப்போம்."

வருத்தம், ஏமாற்றம், நம்பிக்கைத் துரோகம் எதுவும் இதில் வேண்டாம். நாளை வேறொருவர் மேசைக்குப் போனால், முன்கதை தெரியாத அவருக்கும் தேதிகளைப் பார்த்தே நிலவரம் புரிய வேண்டும். அதற்காகவே நான்கையும் ஒரே மெயில் தொடரில் பதிலாக அனுப்புங்கள். தலைப்பை மாற்றியதால் தொடர் பிரிந்துவிட்டால், பழைய மெயில்களைக் கீழே சேர்த்துவிடுங்கள்.

இடையில் 20,000 வந்தால் நன்றி சொல்லி, மீதி 60,000 என்று அதே மெயிலில் எழுதி, கெடுவை நகர்த்தாமல் விடுங்கள். சிறு தொகையைக் கொடுத்து நாளை நீட்டிப்பது வழக்கமாக நடப்பதுதான்.

வக்கீல் செலவு நிலுவைக்குக் கட்டுப்படியாகாது என்றால் வக்கீலைக் குறிப்பிடவே வேண்டாம். உண்மையில் எடுக்கப்போகும் நடவடிக்கையை மட்டும் எழுதுங்கள். ஜூலை 10 கடந்ததும் ஐந்தாவது மெயில் கிடையாது. எழுதியதை 11-ஆம் தேதி செய்யுங்கள்.