சோற்றில் மட்டும் கை வைத்தால் எடை குறையுமா? மதியச் சாப்பாட்டில் நடக்கும் தவறுகள்

எடை குறைக்க வேண்டும் என்று முடிவானதும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் முதல் அடி சோற்றுக்குத்தான் விழுகிறது. மூன்று கரண்டி போடும் இடத்தில் ஒன்றரை கரண்டி. குழம்பு அதே குழம்பு, வறுவல் அதே வறுவல், தொட்டுக்கொள்ள அதே ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கு. நாலு நாள் வைராக்கியமாக ஓடும். அப்புறம் மாலை நாலு மணிக்கு வயிறு கூப்பிட ஆரம்பிக்கும். வெந்த சோற்றில் 150 கிராம் குறைத்தால் சுமார் 200 கலோரி மிச்சம். இரண்டு பஜ்ஜியும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் சுலபமாக 250ஐத் தாண்டிவிடும். மதியம் பட்டினி கிடந்ததற்குப் பலன் அவ்வளவுதான்.

சோற்றைக் குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. குறைத்த இடத்தைக் காலியாக விடுவதுதான் தவறு. அந்த இடத்தில் நீர்ச்சத்தும் நாரும் கொஞ்சம் பருப்பும் மீனும் வந்தால்தான் வயிறு மாலை வரை தாங்கும்.

அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். தட்டில் சோறு எவ்வளவு விழும் என்பதைப் பசியைவிடக் குழம்புதான் அதிகம் முடிவு செய்கிறது. காரமும் புளியும் உப்பும் தூக்கலான கருவாட்டுக் குழம்பையோ வத்தக்குழம்பையோ வெறுமனே சாப்பிட முடியாது. ஒரு கரண்டிக் குழம்புக்கே சோறு நிறைய வேண்டும். சோறு தீர்ந்ததும் தட்டில் குழம்பு மிஞ்சும், ‘இன்னும் கொஞ்சம் சோறு போடு’ என்போம். சோறு மிஞ்சினால் குழம்பு கேட்போம். இந்த ஓட்டப்பந்தயம் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று சுற்று நடக்கும். ஊறுகாய் வேலையும் இதேதான். சுரைக்காய்க் கூட்டு அப்படியில்லை, சோறே இல்லாமல் ஒரு கிண்ணம் சாப்பிடலாம். அதனால் வாரத்தில் எத்தனை நாள் கருவாடு, எத்தனை நாள் கூட்டு என்பது சோற்றின் அளவையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

இப்போது ஒரு தட்டைப் போட்டுப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீடு, மீன் வாங்கிய நாள். கீழே உள்ள எண்கள் தோராயமானவை. உங்கள் வீட்டுக் கரண்டிக்கு ஏற்பக் கொஞ்சம் கூடும், குறையும்.

ஒருவர் தட்டில் குழம்புக்கு ஒன்றரைக் கிண்ணம், ரசத்துக்கு ஒன்று, தயிருக்கு அரை என்று மூன்று கிண்ணம் சோறு. கிண்ணத்துக்கு 150 கிராம் வைத்தால் 600 கலோரி. மீன் குழம்பில் எண்ணெய் மிதக்க வேண்டும் என்று சட்டியில் 80 மில்லி நல்லெண்ணெய் ஊற்றியிருந்தால் ஒருவர் பங்குக்கு 20 மில்லி, அதாவது 160க்கு மேல். குழம்பில் உள்ள இரண்டு துண்டு மீனும் வெங்காயம், தக்காளியும் 130. எண்ணெயில் முக்கிப் பொரித்த இரண்டு துண்டு 200. உருளைக்கிழங்கு வறுவல் கொஞ்சம், 120. பொரித்த அப்பளம் இரண்டு, 90. தயிர் 60. கூட்டினால் 1,350ஐத் தாண்டுகிறது. நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு ஒரே வேளையில் இது அதிகம்.

அதே வீடு, அதே மீன், தட்டை மட்டும் மாற்றுவோம். சோறு ஒன்றரைக் கிண்ணம்: குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு அரை. அது 300. குழம்புச் சட்டியில் எண்ணெய் பாதி, ஒருவருக்கு 80. குழம்பு மீன் அதே 130. வறுவல் இரண்டுக்குப் பதில் ஒன்று, அதுவும் தோசைக்கல்லில், 90. பாசிப்பருப்பு போட்ட சுரைக்காய்க் கூட்டு ஒரு பெரிய கிண்ணம், 130. அவரைக்காய்ப் பொரியல் ஒரு கிண்ணம், 70. கடைசியில் தயிர் சோற்றுக்குப் பதில் ஒரு டம்ளர் நீர்மோர், 30. ரசத்தையும் சேர்த்தால் மொத்தம் 850.

ஐந்நூறு கலோரி குறைந்திருக்கிறது. அதில் 300 சோற்றில் குறைந்தது, மீதி பெரும்பாலும் எண்ணெயில். ஆனால் தட்டின் எடையைப் பாருங்கள். முன்பு 450 கிராம் சோற்றோடு காய் என்று பேருக்கு ஏதோ இருந்தது. இப்போது சோறு 225 கிராம், கூட்டும் பொரியலும் சேர்ந்து 350 கிராம். தட்டு இளைக்கவே இல்லை, சாப்பிட எடுக்கும் நேரமும் கூடும். தயிர் சோறு இல்லாமல் சாப்பிட்ட மாதிரியே இருக்காது என்பவர்கள் ரசத்துக்கான அரைக் கிண்ணத்தைத் தயிருக்கு மாற்றிக்கொண்டு, ரசத்தை டம்ளரில் குடித்துவிடலாம். மூன்று சுற்றும் அப்படியே இருக்கும். ஒரு விஷயம்: கூட்டையும் பொரியலையும் முதலில் தட்டில் வையுங்கள், சோறு பிறகு வரட்டும். சோற்றுப் பானையும் பக்கத்தில் வேண்டாம், அடுப்படியிலேயே இருக்கட்டும்.

இந்த இடத்தில் பலர் வழுக்குவது காயில்தான். ‘காய் நிறைய சாப்பிடுகிறேன்’ என்பார்கள், தட்டில் இருப்பது உருளை, சேப்பங்கிழங்கு, சேனை, வாழைக்காய் வறுவல். இவை மாவுச்சத்து, சோற்றின் தம்பிகள். சாப்பிடலாம், ஆனால் சோற்றுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். சோற்றுக்குப் பதிலாக நிற்கக்கூடியவை சுரை, பூசணி, புடலை, அவரை, கொத்தவரை, முட்டைக்கோஸ், வாழைத்தண்டு, கீரை. இவற்றையும் எண்ணெயில் வதக்கியே வேகவைத்து மேலே கைப்பிடி தேங்காய் தூவினால் கதை மாறிவிடும். தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் போதும். தேங்காயை முழுதாக விடச் சொன்னால் எந்த வீடும் கேட்காது, நானும் கேட்க மாட்டேன். ஆளுக்கு ஒரு ஸ்பூன் என்று அளந்து, இறக்கிய பிறகு தூவுங்கள். வாசனை மேலேயே நிற்பதால் குறைந்தது தெரியாது.

மீன் குழம்பில் எண்ணெயைக் குறைத்தால் ருசி போய்விடும் என்ற பயம் பாதி நியாயமானது. கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்கினால் வெங்காயம் வதங்காமல் பச்சை வாசனை அடிக்கும், மசாலா தனியாகவும் புளித்தண்ணீர் தனியாகவும் நிற்கும். அப்புறம் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள், மறுநாள் பழைய அளவு திரும்பி வந்துவிடும். சின்ன வெங்காயத்தை உப்புப் போட்டு மூடி, சிறு தீயில் வதக்குங்கள், அது விடும் தண்ணீரிலேயே பாதி வதங்கும். தக்காளியோடு கொஞ்சம் வதக்கிய வெங்காயத்தையும் அரைத்து விட்டால் குழம்பு கெட்டிப்படும், தேங்காயும் தேவைப்படாது. அளந்து வைத்த எண்ணெயில் ஒரு ஸ்பூனை மட்டும் ஒதுக்கி, இறக்கும்போது மேலே ஊற்றுங்கள். நல்லெண்ணெய் வாசனை அப்போதுதான் முழுசாகக் கிடைக்கும்.

வறுவலுக்கும் வழி உண்டு. மசாலாவில் அரிசிமாவோ கடலைமாவோ சேர்த்தால் அது எண்ணெயைக் குடிக்கும், விட்டுவிடுங்கள். கல்லில் ஒரு வாழை இலைத் துண்டைப் போட்டு, அதன் மேல் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மீனை வையுங்கள், ஒட்டாது. மத்தி மாதிரிக் கொழுப்புள்ள மீன் தன் எண்ணெயிலேயே பாதி வெந்துவிடும். நெத்திலியும் காரப்பொடி மீனும் பொரித்தால் மொறுமொறுவென்று ஒரு தட்டு காலியாவதே தெரியாது. அவற்றைக் குழம்பில் போடுவது நல்லது.

எண்ணெய் எவ்வளவு போகிறது என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ‘கொஞ்சம்தான்’ என்ற பதில் வரும். டப்பாவைக் கேளுங்கள், அது உண்மையைச் சொல்லும். நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். அது சுமார் 340 கலோரி. மூன்று லிட்டரில் முடித்தால் 200 சொச்சம்தான். இந்த ஒரு மாற்றத்தைச் சோற்றைத் தொடாமலே செய்யலாம்.

அடுத்தது, சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி, சாமை, வரகு என்று தாவுவது. சமைக்காத அரிசியோ கோதுமை மாவோ சிறுதானியமோ, 100 கிராமுக்கு எல்லாமே 330 முதல் 350 கலோரி பக்கம்தான். சிறுதானியத்தில் நார் கூடுதல், அது நல்லதுதான். ஆனால் ‘இது டயட் சாப்பாடு’ என்று இரண்டு மடங்கு வடித்துச் சாப்பிட்டால் எடை ஏறும். எண்ணெய் தடவிச் சுட்ட நாலு சப்பாத்தியும் குருமாவும் இரண்டு கிண்ணம் சோற்றைவிடக் குறைவு இல்லை. உண்மையில் கை கொடுப்பது கம்பங்கூழ்தான், தண்ணீரும் மோரும் சேர்ந்து கொஞ்ச மாவு ஒரு சொம்பாகிறது. அதற்குத் தொட்டுக்கொள்ளப் பொரித்த வத்தலையும் மோர்மிளகாயையும் குவிக்காமல் சின்ன வெங்காயத்தோடு நிறுத்த வேண்டும்.

கஞ்சியை வடித்துவிட்டால் கலோரி போய்விடும், பழைய சோற்றில் கலோரியே இல்லை என்ற பேச்சும் உண்டு. வடிப்பதில் கொஞ்சம் மாவு போகும். ஆறிய சோற்றில் ஒரு பங்கு மாவு செரிக்காத வகைக்கு மாறும். இரண்டும் சிறிய அளவுதான், அதை நம்பிக் கூடுதலாக ஒரு கரண்டி போட்டுக்கொள்ள முடியாது. பண்ருட்டி முந்திரிக்கும் இதையே சொல்ல வேண்டும். ‘உடம்புக்கு நல்லது’ என்று கொறிக்கும் ஒரு பிடி, 30 கிராம், சுமார் 170 கலோரி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறும், வரத்தும் குறையும். பல வீடுகளில் கருவாடும் ஊறுகாயும் முன்னுக்கு வரும், சோறும் கூடவே ஏறும். அந்த இரண்டு மாதம் மீன் துண்டின் இடத்தில் ஆளுக்கு ஒரு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருக்கட்டும். கருவாடு செய்தால் கத்தரிக்காயும் மொச்சையும் நிறையப் போட்டுக் காரத்தை இறக்கிச் செய்யலாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவு இதுவரை சாப்பிட்டு வந்த சோற்றின் அளவுக்கு ஏற்பக் கொடுக்கப்பட்டது, சர்க்கரை சட்டென்று இறங்கி வியர்வையும் நடுக்கமும் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பு, மீன் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வாரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கினால் துள்ள வேண்டாம், அதில் பெரும்பகுதி தண்ணீர். வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மூன்று வாரம் பார்த்தும் முள் அசையாமல், நாலு மணிப் பசியும் இல்லாமல் இருந்தால், மதியத் தட்டு சரியாகத்தான் இருக்கிறது. இரவில் தோசைக்குப் பொடியில் ஊற்றும் நல்லெண்ணெயைப் போய்ப் பாருங்கள். இரண்டு டீஸ்பூனே 80 கலோரி. பெரும்பாலும் யாரும் இரண்டோடு நிறுத்துவதில்லை.