ஹால் டிக்கெட்டில் மாறிப்போன பிறந்த தேதி

தங்கை தன் முதல் செமஸ்டர் ஹால் டிக்கெட்டையும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்று இடங்களில் வேறுபாடு: பெயரில் ஒரு 'எச்' கூடுதல், பிறந்த தேதி, பிறந்த ஆண்டு.

உடனே கடிதம் எழுதாமல் அசல்களை எடுக்கச் சொன்னேன். நல்லவேளை! 2006 என்பது மடிப்பு விழுந்து படத்தில் 2005 போலத் தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டோம்.

கல்லூரி அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் கதை எதுவும் இல்லை. பதிவு எண்ணுக்குக் கீழே இவ்வளவுதான்:

"பிறந்த தேதி: ஹால் டிக்கெட்டில் 07.04.2006, மதிப்பெண் பட்டியலில் 04.07.2006. பின்னதே சரி. நாளும் மாதமும் இடம் மாறியுள்ளன."

பெயருக்கும் அதே மாதிரி ஒரு வரி. 'தேதி தவறு' என்று மட்டும் எழுதினால் எது சரி என்று அவர்கள் தேட வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகலையும் இணைத்தோம்.

அப்புறம் கடைசி வரியாக, கல்லூரிப் பதிவேட்டிலும் திருத்தக் கேட்டோம். ஹால் டிக்கெட்டை மட்டும் பேனாவால் திருத்தினால் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலிலும் பழைய பிழையே அச்சாகிவிடும். கடித நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டாள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு புது ஹால் டிக்கெட் வந்தது.