மீன் எல்லாருக்கும், இறால் கொழுந்தனாருக்கு மட்டும் கிடையாது: ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் மீன் குழம்பு, மீன் வறுவல், இறால் தொக்கு. காரைக்குடியில் கடல் இல்லாவிட்டாலும் தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கத்திலிருந்து மீனும் நண்டும் வந்து இறங்கிவிடுகின்றன. என் கொழுந்தனாருக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் நன்றாகச் சாப்பிட்டவர்தான், வளர்ந்த பிறகு வந்த அலர்ஜி. பெரியவர்களுக்குப் புதிதாக வரும் உணவு அலர்ஜிகளில் இது சகஜமானது. மீன் அவருக்கு ஒன்றும் செய்யாது என்று மருத்துவர் பரிசோதித்துச் சொல்லியிருக்கிறார். அதனால் மீன் குழம்பு எல்லாருக்கும், இறால் தொக்கு மற்றவர்களுக்கு. இரண்டையும் ஒரே அடுப்படியில் எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். "நரம்பை எடுத்துட்டா ஒண்ணும் செய்யாதுத்தா" என்று என் மாமியார் சொல்வார். மஞ்சள் போட்டு அலசினால் சரியாகிவிடும், நன்றாகக் கொதித்தால் போய்விடும் என்பவர்களும் உண்டு. மூன்றும் உதவாது. அலர்ஜியைக் கிளப்புவதில் முக்கியமானது ட்ரோபோமயோசின் என்ற புரதம். அது இறாலின் சதையிலேயே இருக்கிறது, கொதித்தாலும் வறுத்தாலும் அழியாது. மீன் அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணமாகும் புரதம் வேறு. அதனால்தான் ஒருவருக்கு மீன் ஒத்துக்கொண்டு இறால் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. கணவாய், சிப்பி, மட்டி இன்னொரு கூட்டம். இறால் சேராத சிலருக்கு அவையும் சேராது, மருத்துவரைக் கேட்காமல் அவற்றைக் கொடுக்க வேண்டாம்.

படி 1: சந்தையில்

பாதிப் பிரச்சினை வீட்டுக்கு வருமுன்பே நடந்துவிடுகிறது. மீன் கடையில் ஒரே பெட்டியில் வஞ்சிரத்தின் மேல் இறாலைக் கொட்டி வைத்திருப்பார்கள். ஐஸ் உருகிய தண்ணீர் கீழே உள்ள மீன் முழுக்க ஓடியிருக்கும். அப்புறம் அதே கத்தி, அதே கட்டை, அதே வாளித் தண்ணீர். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை அலசினாலும் முழுதும் போய்விட்டது என்று நம்ப முடியாது.

ஆகவே இறால் விற்காத கடையில் மீனை முழுதாக வாங்குங்கள், வெட்டித் தரச் சொல்லாதீர்கள். இறாலை வேறு கடையில், வேறு பையில், கடைசியாக வாங்குங்கள். அப்படிக் கடை கிடைக்காத வாரம் அவருக்குக் கோழி. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், அவரும் முகம் சுளிப்பதில்லை.

கருவாட்டுக் கடைப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். நெத்திலிக் கருவாட்டுக்குள் பொடி இறால் கலந்து கிடக்கும், பக்கத்துக் கூடையில் கூனி இருக்கும். எங்கள் வீட்டில் கூனியை வறுத்துப் பொடிப்பதை நிறுத்தியேவிட்டோம். அந்தத் தூள் காற்றில் பறந்து அலமாரி முழுக்கப் படியும்.

படி 2: பாத்திரம் பிரிப்பது

செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் கார்த்திகைக்கும் விரத நாளுக்கும் என்று சைவச் சட்டி தனியாக இருக்கும். அசைவச் சட்டி அதன் பக்கத்தில்கூடப் போகாது. அந்தப் பழக்கம் இங்கே கை கொடுக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே தண்ணீர் விட்டு அலசினாலே மனசு ஒப்புக்கொள்ளும். இங்கே மனசு ஒப்புவது போதாது, புரதம் போக வேண்டும். அதற்குச் சோப்பும் தேய்ப்பும் வேண்டும்.

எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் பொதுவில் பயன்படுத்தலாம். உறிஞ்சும் தன்மையுள்ளவை, கீறலும் இடுக்கும் உள்ளவை மட்டும் இரண்டு செட் வேண்டும். மண்சட்டி, மரக்கரண்டி, வெட்டும் கட்டை, அம்மி, மிக்ஸி ஜார். ஜாரில் எதிரி அதன் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம். அதைக் கழற்றிப் பார்த்தால் புரியும்.

மீனைக் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவும் சட்டியை மறந்துவிடாதீர்கள். சொரசொரப்பான அந்தச் சட்டியில் ஒரு தடவை இறால் அலசியிருந்தாலும் அவருக்கான மீனை அதில் போடாதீர்கள். புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. இறால் பாத்திரங்களின் கைப்பிடியில் நாங்கள் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். உதவிக்கு வருபவருக்கும் பார்த்தவுடன் தெரியும்.

படி 3: மசாலாவை முதலில் பிரித்துவிடுங்கள்

என்னைக் கேட்டால் அடுப்படியில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். சட்டி தனி, கரண்டி தனி என்று எல்லாம் சரியாகச் செய்வோம். இறால் உரித்த கையோடு "கொஞ்சம் உப்பு போடுவோம்" என்று உப்பு ஜாடிக்குள் கையை விடுவோம். அந்த ஜாடி அடுத்த வாரம் முழுக்க ரசத்துக்கும் பொரியலுக்கும் போகும். அஞ்சறைப்பெட்டிக் கரண்டி, எண்ணெய்த் தூக்கு, புளிப் பானை, குழாய்த் திருகு, தோளில் கிடக்கும் துண்டு எல்லாம் இதே கதைதான்.

அதனால் இறால் பையைத் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அளந்து வைத்துவிடுங்கள். ஒரு கிலோ மீனுக்கும் முக்கால் கிலோ இறாலுக்கும் சேர்த்து நான் எடுப்பது: வரமிளகாய் 15, மல்லி 5 மேசைக்கரண்டி, மிளகு 2 தேக்கரண்டி, சோம்பு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி. வறுத்து, இறால் படாத அம்மியிலோ ஜாரிலோ ஒரே தடவையாக அரைத்துவிடுவேன். அரைத்ததில் பாதிக்கு மேல் குழம்புக் கிண்ணத்துக்கு, மீதி இறால் கிண்ணத்துக்கு. இறாலுக்கு வேண்டிய உப்பு, மஞ்சள்தூள், எண்ணெய், நறுக்கிய சின்ன வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை எல்லாம் ஒரு தட்டில் தனியாக. அப்புறம் அஞ்சறைப்பெட்டியை மூடி அலமாரியில் ஏற்றிவிடுவேன். இறால் வேலை தொடங்கிய பிறகு அந்தத் தட்டில் இல்லாத பொருளைப் போடுவதே இல்லை. உப்பு குறைந்தால் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம்.

படி 4: மீன் முதலில், இறால் பிறகு

காலை 9 மணிக்கு மசாலா வேலை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீனைச் செதில் எடுத்து, வெட்டி, கழுவுங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மசாலா சேர்த்து, பச்சை வாசனை போகக் கொதித்ததும் மீனைப் போட்டு இறக்குங்கள். வறுவலையும் புது எண்ணெயில் இப்போதே முடித்துவிடுங்கள். இறால் பொரித்த எண்ணெயில் மீன் வறுக்கக் கூடாது. வடிகட்டினாலும் எண்ணெயில் புரதம் தங்கும்.

சோறு, ரசம், பொரியல் எல்லாம் முடிந்ததும் அவருக்கான பங்கைத் தனித் தூக்கில் எடுத்து மூடி, அடுப்படியை விட்டு வெளியே வையுங்கள். எங்கள் வீட்டில் வளவில் உள்ள மேசைக்குப் போய்விடும். மீதிப் பாத்திரங்களையும் மூடி ஒதுக்கிவிட்டு, 11 மணி வாக்கில் இறால் பையைத் திறக்கலாம்.

கொதிக்கும் இறாலின் ஆவியிலும் அந்தப் புரதம் கலந்து வரும். சிலருக்கு அந்த ஆவியை மூச்சில் இழுத்தாலே தும்மல், இருமல், மூச்சிரைப்பு வரலாம். பின்கட்டில் திறந்த இடம் உள்ள வீடானால் அங்கே ஓர் அடுப்பு வைத்து இறாலையும் நண்டையும் செய்யுங்கள். பிளாட் வீடானால் சன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்டு, அவரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள். ஆவி பட்டாலே அவருக்குத் தொந்தரவு வருகிறது என்றால் வீட்டுக்குள் இறால் சமைக்கவே வேண்டாம். இதில் சமாதானம் பேச இடமில்லை.

படி 5: பரிமாறும்போது

அவருக்கு முதலில் பரிமாறுங்கள். வாழை இலை இதற்கு வசதி, சாப்பிட்டு முடித்ததும் எடுத்து எறிந்துவிடலாம். சிக்கல் மறுசோற்றில் வருகிறது. நண்டு உடைத்த கையோடு ஒருவர் சோற்றுக் கரண்டியைப் பிடிப்பார், அல்லது தொக்குக் கரண்டியை ரசத்தில் போடுவார். அதனால் அன்றைக்குப் பரிமாறுபவர் ஒருவரே, அவர் கடைசியில் சாப்பிடுவார். நண்டு ஓட்டைக் கடித்து உடைக்கும்போது சாறு தெறிக்கும் என்பதால் எதிர் இலையில் அவரை உட்கார வைக்காதீர்கள். குழந்தைகள் சாப்பிட்டுவிட்டுக் கையை மட்டும் நனைத்துக்கொண்டு சித்தப்பா மடியில் ஏறுவார்கள். கை, வாய் இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான்.

படி 6: கழுவுவது

கையில் தடவும் சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. கைக்கும் பாத்திரத்துக்கும் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். இறால் பாத்திரத்துக்குத் தனி நார் வையுங்கள். அதே நாரால் அவருடைய தட்டைத் தேய்த்தால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண். மேடையையும் தொட்டியையும் குழாய்த் திருகையும் சோப்புத் தண்ணீரால் தேய்த்து, சுத்தத் துணியால் துடையுங்கள். அந்தக் கரித்துணி நேராகத் துவைக்கப் போகட்டும். மிஞ்சிய தொக்கு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், இறுக்க மூடிய டப்பாவில். மேல்தட்டில் வைத்தால் ஒழுகும்.

இவ்வளவுக்கும் மீறி ஏதாவது நடந்தால்

பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். வாயில் அரிப்பு, தோலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று தொடங்கலாம். மூச்சுத்திணறல், தொண்டை இறுகுதல், குரல் கம்முதல், தலைசுற்றி மயக்கம் வருதல் இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசி வீட்டில் இருந்தால் அவர் காட்டிக் கொடுத்தபடி தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போட்டு, 108-ஐ அழையுங்கள். அரிப்பு மாத்திரை அதற்கு மாற்றில்லை. படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு வாங்கினால் உட்கார வைக்கலாம். சரியாகிவிட்ட மாதிரி தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வருவதுண்டு. ஊசி இருக்கும் இடம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அடுப்படிக் கதவுக்கு வெளியே, வெயிலும் அனலும் படாத மாடத்தில் இருக்கிறது. அதன் காலாவதித் தேதியை நாள்காட்டியிலும் குறித்திருக்கிறோம்.